ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லாமல் கொடுக்கப்படும் பணம்: மற்றவர்கள் யாரிடம், எப்படிக் கேட்பது?

வளர்ந்து தனித்தனியே வாழும் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் தாயோ தந்தையோ மற்றவர்களிடம் சொல்லாமல் பணம் கொடுத்துவருவது பெரும்பாலும் தற்செயலாகத்தான் வெளியே தெரிகிறது. தாயின் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பதிந்துவரப் போன மகள், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதியன்று தம்பியின் கணக்குக்கு ஒரே தொகை போயிருப்பதைப் பார்க்கிறாள். அந்த நாளிலிருந்து அவளுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தெரியாததுபோல் இருந்துவிடலாம், தாயிடம் தனியே கேட்கலாம், தம்பியிடம் முதலில் பேசலாம், அல்லது மற்ற உடன்பிறப்புகளையும் சேர்த்துக்கொண்டு எல்லோருமாகக் கேட்கலாம். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் மாதக்கணக்கில் மனத்துக்குள்ளேயே வைத்திருப்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

பேச்சு பொதுப்படையாகப் போய்விடாமல் இருக்க ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். கணவரை இழந்த தாய்க்கு மூத்த மகள், நடு மகன், இளைய மகன் என்று மூன்று பிள்ளைகள். இளையவர் தொழிலில் நட்டப்பட்டவர். தாயின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். தாய் அவருக்கு மாதம் 12,500 வீதம் நான்கு ஆண்டுகளாகக் கொடுத்ததில் 6 லட்சம் ஆகியிருக்கிறது. கடனை அடைக்க ஒருமுறை 3 லட்சம் கொடுத்திருக்கிறார். ஆக மொத்தம் 9 லட்சம். வீடும் சேமிப்புமாகத் தாயிடம் இன்னும் 60 லட்சம் மதிப்புள்ள சொத்து இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு அளவுகோல்கள் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, கேட்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது. உண்மை தெரிந்தால் போதுமா, தாம் ஒதுக்கப்படவில்லை என்ற உறுதி வேண்டுமா, தமக்கும் பணம் வேண்டுமா, அல்லது தாயின் முதுமைக்கு வைத்த பணம் கரைகிறதே என்ற கவலையா? நான்கும் ஒரே கோபமாகத்தான் வெளியே வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பேச வேண்டிய ஆளும் பேச வேண்டிய சொல்லும் வேறு.

இரண்டாவது, பெற்றவரின் உரிமையும் மதிப்பும். பணம் அவர் பணம். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு இருக்கும்போது, பிள்ளைகள் கணக்குக் கேட்கும் தணிக்கையாளர்களைப் போல் வந்து நின்றால், அவர் அந்த உரிமையைக் காப்பதற்காகவே வாயை மூடிக்கொள்வார்.

மூன்றாவது, உடன்பிறந்தவர்களுக்கிடையிலான உறவு பெற்றவரின் காலத்துக்குப் பிறகும் நிலைக்குமா என்பது. தாய் ஒரு பிள்ளையின் பக்கம் சாய்கிறார் என்று பிள்ளைகள் நினைக்கும் குடும்பங்களில் உடன்பிறந்தாருக்குள் பிணக்கு கூடுதலாக இருப்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஜில் சூட்டரும் கார்ல் பில்லமரும் தாய்களையும் வளர்ந்த பிள்ளைகளையும் தனித்தனியே நேர்கண்டு நடத்திய நீண்ட ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 2001இல் தொடங்கிய அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தாய் யாரிடம் அதிக நெருக்கமாக உணர்கிறார் என்பதைப் பிள்ளைகள் அடிக்கடி தவறாகவே ஊகித்திருந்தார்கள். பணம் யாருக்குப் போகிறது என்பதை வைத்து அன்பு யார்மேல் என்று முடிவுகட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

நான்காவது, எடுத்துவைத்த அடியைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது. தனியே கேட்ட கேள்வியை ஆறு மாதம் கழித்து வேறுவிதமாகக் கேட்கலாம். எல்லோருக்கும் முன்னால் சொன்ன குற்றச்சாட்டை அப்படித் திரும்பப் பெற முடியாது.

## வழியைத் தேர்வதற்கு முன்: அது எந்த வகைப் பணம்?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் வழுக்கிவிடுகின்றன. வங்கிப் புத்தகத்தில் ஒரே மாதிரி பதிவாகியிருக்கும் பணம் ஐந்து வேறு காரியங்களில் எதுவாகவும் இருக்கலாம். கையில் பணம் இல்லாத பிள்ளைக்குச் செய்யும் உதவியாக இருக்கலாம். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் ஈடாக, அல்லது தாயின் செலவையே அவர் கையால் செய்யக் கொடுத்த பணமாக இருக்கலாம். திருப்பித் தரவேண்டிய கடனாகவோ, பின்னால் வரவேண்டிய பங்கை முன்கூட்டியே கொடுத்ததாகவோ இருக்கலாம். கடைசியாக, பெற்றவர் விரும்பாமல், வற்புறுத்தலுக்குப் பயந்து கொடுப்பதாகவும் இருக்கலாம்.

முதல் வகை மிகவும் பரவலானது. அமெரிக்கக் குடும்பங்களின் தரவுகளை வைத்து 1990களிலிருந்து பொருளியலாளர்கள் செய்த ஆய்வுகளில் ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது: உயிரோடு இருக்கும்போது பெற்றோர் கொடுக்கும் பணம் வருமானம் குறைந்த பிள்ளைக்கே அதிகம் போகிறது, ஆனால் உயில் எழுதும்போது பெரும்பாலோர் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகவே எழுதுகிறார்கள். அதாவது கொடுக்கும் பெற்றவர் தம்மை ஓரவஞ்சனைக்காரராக நினைப்பதே இல்லை. இடைக்காலத்தில் தேவை பார்த்துக் கொடுக்கிறோம், முடிவில் சமமாகத்தானே பிரிக்கப்போகிறோம் என்பது அவர் மனக்கணக்கு. அந்த இரண்டையும் கூட்டினால் வரும் தொகை சமமாக இல்லை என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

கணக்கு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதிலும் இரு தரப்பும் ஒத்துப்போவதில்லை. மகள் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து எண்ணுகிறாள். தாயோ மகளின் மேற்படிப்புக்குக் கட்டிய கட்டணத்திலிருந்தும், நடு மகன் முதல் வீடு வாங்கியபோது கைகொடுத்ததிலிருந்தும் எண்ணிக்கொண்டிருப்பார். இளையவனுக்கு அப்போது ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற உறுத்தல் அவருக்கு இருபது ஆண்டுகளாக இருந்திருக்கும். அது அவர் வாயிலிருந்து வந்தால்தான் தெரியும்.

இரண்டாவது வகையையும் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் குடும்பத்தில் அந்த 12,500இல் 5,000 தாயின் மருந்துக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் சம்பளத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளில் அது 2 லட்சத்து 40 ஆயிரம். அதை இளையவருக்குக் கொடுத்ததாகச் சொல்லவே முடியாது. அவர் மருத்துவமனைக்கு அழைத்துப்போன நாட்களுக்கு யாரும் கூலி போடவும் இல்லை. இது தெரியாமல் 9 லட்சம் என்று பேச்சைத் தொடங்கினால், முதல் ஐந்து நிமிடத்திலேயே கணக்கு தவறு என்று நிரூபணமாகி, நியாயமான மீதிப் பகுதியும் அதோடு சேர்ந்து அடிபட்டுப்போகும்.

## வழி 1: தெரிந்ததைச் சொல்லாமல் விட்டுவிடுவது

இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. தொகை சிறியது, தாயின் சொந்தச் செலவுக்குக் குறைவில்லை, வாங்குபவர் உண்மையிலேயே சிரமத்தில் இருக்கிறார், கேட்பவருக்கு அந்தப் பணம் தேவையில்லை என்ற நான்கும் ஒன்றாக அமைந்தால், பேசாமல் இருப்பதே மேலான வழி. பெற்றவர் ரகசியமாகக் கொடுப்பதற்குப் பல நேரம் காரணமே வாங்கும் பிள்ளையின் மானத்தைக் காப்பதுதான். வாங்குபவரே கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

மறைந்திருக்கும் விலை பின்னால் வருகிறது. விட்டுவிட்டேன் என்று சொல்பவர் உண்மையில் விட்டிருக்கிறாரா என்பதை அவர் நடத்தையே காட்டிக்கொடுத்துவிடும். தாயைப் பார்க்கப் போவது குறையும். தாய்க்கு ஒரு செலவு வந்தால் "தம்பிகிட்ட கேளுங்க" என்ற சொல் வரும். தம்பி புதிதாக ஒன்று வாங்கினால் அது யார் பணம் என்று மனம் கணக்குப் போடும். இவற்றில் ஒன்று மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அவர் விடவில்லை, உள்ளே தள்ளி வைத்திருக்கிறார் என்று பொருள். அப்படித் தள்ளி வைத்தது பெற்றவர் இறந்து சொத்தைப் பிரிக்கும் நேரத்தில் வெளியே வரும். அப்போது பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் இருக்கமாட்டார். காரணம் என்ன, அது கடனா கொடையா என்று இனி யாராலும் சொல்ல முடியாத நிலையில், உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

## வழி 2: ஒருவர் மட்டும் பெற்றவரிடம் தனியே கேட்பது

என் கணிப்பில் பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் முயல வேண்டிய வழி இதுதான். இதற்குக் காரணம் எளிது. முழு விவரமும் அவர் ஒருவரிடமே இருக்கிறது. முடிவெடுக்கும் உரிமையும் அவருடையது. கேட்பவர் ஒருவராக இருக்கும்போது அவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியதில்லை.

யார் கேட்பது என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். மூத்தவர் என்பதற்காகவோ அதிகக் கோபத்தில் இருப்பவர் என்பதற்காகவோ ஒருவர் போகக் கூடாது. இதிலிருந்து பணமாக ஒன்றும் எதிர்பார்க்காதவர், தாயிடம் வழக்கமாகவே மனம்விட்டுப் பேசுகிறவர் போவது நல்லது. கணவரோ மனைவியோ அந்தப் பேச்சில் இருக்க வேண்டாம். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், மருமகன் முன்னால் அல்லது மருமகள் முன்னால் ஒரு தாய் தன் இளைய மகனின் இல்லாமையை ஒப்புக்கொள்ள மாட்டார்.

நேரமும் முக்கியம். குடும்ப விசேஷம், மருத்துவமனை, பண்டிகை நாள், தொலைபேசி ஆகிய நான்கையும் தவிர்த்துவிட்டு, சாதாரண நாளில் அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும். முதலில் எப்படித் தெரியவந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கணக்கைப் பார்த்துக்கொள்ள என்று தாய் நம்பிக் கொடுத்த கடவுச்சொல்லின் வழியாகத் தெரிந்தது என்றால், அதைச் சொல்லாமல் சுற்றிவளைத்துக் கேட்பது தாயைக் காயப்படுத்தும். வேறு யாரோ சொன்னார்கள் என்று அவர் ஊகித்து, சம்பந்தமே இல்லாத ஒருவர்மேல் வருத்தப்படவும் கூடும்.

சொற்கள் இப்படி இருக்கலாம்: "அம்மா, போன வாரம் பாஸ்புக் பதிஞ்சிட்டு வந்தப்ப, தம்பிக்கு மாசாமாசம் பணம் போறதைப் பார்த்தேன். அதை நிறுத்தச் சொல்லி நான் வரலை. ஆனா தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி இருக்க எனக்கு முடியலை. அவனுக்கு ஏதாவது கஷ்டமா? உங்க செலவுக்குக் குறையாம இருக்கா?"

இதில் இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன. ஒன்று அவனைப் பற்றி, ஒன்று அவரைப் பற்றி. "எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்பதும் "அவன்தான் உங்களுக்குச் செல்லம்" என்பதும் இதில் இல்லை. பின்னது அன்பைப் பற்றிய குற்றச்சாட்டு. அதற்குப் பெற்றவரால் "அப்படியெல்லாம் இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லவே முடியாது. அதோடு பேச்சு முடிந்துவிடும். பணத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் உண்டு.

முதல் நாளில் பதில் வராமலும் போகலாம். அழுகையோ, "உங்களுக்கு நான் என்ன குறை வைத்தேன்?" என்ற கேள்வியோ, மௌனமோ வரலாம். அப்போது தொடர்ந்து வாதாடாமல், "இப்பவே சொல்லணும்னு இல்லைம்மா, இன்னொரு நாள் பேசுவோம்" என்று எழுந்துவிடுவது நல்லது. சில வாரங்களுக்குப் பிறகு தாயே பேச்செடுப்பது அரிதல்ல, ஏனென்றால் ரகசியத்தைச் சுமப்பது அவருக்கும் பாரம்தான்.

இந்த வழியின் மறைந்த விலை இரண்டு. தாய் உண்மையைச் சொல்லிவிட்டு "யாருக்கும் சொல்லாதே" என்றால், கேட்டவரும் அந்த ரகசியத்துக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறார். நடு மகனுக்கு அது பின்னால் தெரியவரும்போது கோபம் அக்காவின் மேலும் திரும்பும். ஆகவே தாய் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே, "தம்பிங்க ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான், ஒருத்தன்கிட்ட மறைச்சு வைக்க என்னால முடியாது, நீங்களே பெரியவன்கிட்டச் சொன்னா நல்லது" என்ற அளவில் எல்லையைச் சொல்லிவைக்க வேண்டும். மற்றொன்று, தாய் உடனே அதே நாளில் இளையவரிடம் சொல்லிவிடுவார் என்பது. அதைத் தடுக்க முடியாது. அவர் காதுக்கு எப்படிப் போனாலும் வெட்கமில்லாதபடி பேச்சை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

## வழி 3: பணம் வாங்குபவரிடம் முதலில் பேசுவது

உடன்பிறந்தவர்கள் இருவரும் நெருங்கிப் பழகுகிறவர்களாகவும், தாய் நோயாலோ மறதியாலோ இந்தப் பேச்சைத் தாங்க முடியாதவராகவும் இருந்தால் இது பொருந்தும். மறதி நோய் தொடங்கிவிட்ட தாயிடம் கேட்பதில் பயனில்லை. "நான் எதுவும் கொடுக்கவில்லையே" என்று அவர் மனமார நம்பியே சொல்வார், அது உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல.

மற்ற நிலைகளில் இதில் உள்ள ஆபத்து, தாயின் முடிவுக்குத் தம்பியைப் பொறுப்பாக்குவது. கேட்காமலே கொடுக்கப்பட்ட பணமாக அது இருக்கலாம். வாங்குவதற்கே கூசிக்கொண்டிருந்தவர், அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்றதும் வாங்குவதை நிறுத்திவிட்டு, வெளியே அதிக வட்டிக்குக் கடன் வாங்கப் போகலாம். அதைவிட மோசம், தாய்க்கும் மகனுக்கும் இடையில் அந்தப் பணம் இன்னும் ரகசியமாகிப் போவது. வங்கிக் கணக்கின் வழியாகப் போனது இனி ரொக்கமாகக் கைமாறும். எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பேசத்தான் வேண்டும் என்றால் தாயைக் குறைசொல்லாமலும், தொகையைச் சொல்லாமலும் தொடங்குவது நல்லது. தொகை எவ்வளவு என்பதை அவரே சொல்ல இடம் கொடுத்தால், சொல்லும் தொகையிலிருந்தும் சொல்லும் விதத்திலிருந்தும் அது உதவியா வற்புறுத்தலா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

## வழி 4: மற்ற பிள்ளைகள் சேர்ந்து கேட்பது

முதலில் மனத்தில் தோன்றுவது இதுதான், அதிகம் கெடுப்பதும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மகளும் நடு மகனும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் ஒருவர் வருத்தம் மற்றவர் வருத்தத்தைக் கிளறுகிறது. இருபது ஆண்டுப் பழைய நினைவுகள் சாட்சிக்கு வருகின்றன. ஊகமாக இருந்தவை உண்மையாகிவிடுகின்றன. தாயிடம் போய் நிற்கும்போது அவர்கள் கையில் கேள்வி இல்லை, தீர்ப்பு இருக்கிறது. எதிரே இருவர் சேர்ந்து நிற்பதைப் பார்த்த தாய், அங்கே இல்லாத மகனுக்காகத் தானே வாதாட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். அதுவரை அவருக்கே அந்த உதவியில் ஐயம் இருந்திருந்தாலும், அந்த நிமிடத்திலிருந்து அதை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார்.

ஆனாலும் ஒரு நிலையில் இந்த வழிதான் சரி, அதுவும் தாமதிக்காமல். தாயின் சொந்தப் பிழைப்பே ஆபத்தில் இருக்கும்போது. அதற்கான அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடியவை. மாதத் தொகை ஒரே அளவில் இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். தாயின் மின்கட்டணமும் மருந்தும் தள்ளிப்போகும். முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகை உடைக்கப்பட்டிருக்கும். வங்கி அட்டையும் கைப்பேசியும் வாங்குபவரிடமே இருக்கும். மற்ற பிள்ளைகளோடு தனியே பேசத் தாய் தயங்குவார், அல்லது பேசும்போது யாரோ உடன் இருந்துகொண்டே இருப்பார்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால், இது பாகுபாட்டைப் பற்றிய பேச்சே இல்லை, ஒரு முதியவரின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு. அப்போதும்கூடப் பிள்ளைகள் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டியது வாங்குபவரை, தாயை அல்ல. தாயிடம் ஒருவர் தனியே போய், பயப்பட வேண்டாம் என்ற உறுதியைக் கொடுப்பதே முதல் வேலை. வங்கிக்கும், தேவைப்பட்டால் வழக்கறிஞருக்கும் போவது அதற்கு அடுத்தது.

| வழி | இதனால் கிடைப்பது | மறைந்த விலை | பொருந்தும் நிலை |
|---|---|---|---|
| பேசாமல் விடுவது | வாங்குபவரின் மானமும் வீட்டின் அமைதியும் | விலகல். இறப்புக்குப் பின் பதிலில்லாத சந்தேகம் | சிறு தொகை, உண்மையான தேவை, மனத்தில் உறுத்தல் இல்லை |
| பெற்றவரிடம் தனியே | உண்மையான காரணம். மேற்கொண்டு பேச வழி | கேட்டவரும் ரகசியத்தில் சிக்குவது | பெரும்பாலான குடும்பங்கள் |
| வாங்குபவரிடம் முதலில் | நேரடி விளக்கம் | பணம் இன்னும் மறைவாகப் போவது | பெற்றவரால் பேச முடியாத நிலை, உடன்பிறந்தார் நெருக்கம் |
| எல்லோருமாகச் சேர்ந்து | விரைவான தலையீடு | பக்கம் பிரிவது. திரும்பப் பெற முடியாத சொல் | பெற்றவரின் பிழைப்போ பாதுகாப்போ ஆபத்தில் |

## பேசத் தொடங்கிய பிறகு: என்ன கேட்பது?

யாரிடம் பேசுவது என்பது தீர்ந்தாலும், எதைக் கேட்பது என்பதில் மூன்று தேர்வுகள் இருக்கின்றன. நிறுத்தச் சொல்லலாம், எங்களுக்கும் அதே அளவு கொடுக்கச் சொல்லலாம், கொடுத்ததைக் கணக்கில் வைக்கச் சொல்லலாம்.

நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் நடக்காது. தேவையில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதை எந்தத் தாயும் மற்றவர்கள் சொல்லி நிறுத்துவதில்லை, மறைப்பதைத்தான் கூட்டுவார். அதே அளவு எங்களுக்கும் கொடுக்கச் சொன்னால் செலவு மூன்று மடங்காகிறது. நம் குடும்பத்தில் மாதம் 12,500 என்பது 37,500 ஆகிவிடும். அவர் முதுமைக்கு வைத்த பணத்தைத் தேவையில்லாதவர்களும் சேர்ந்து கரைப்பதாகவே அது முடியும்.

மூன்றாவது கேட்பு ஒன்றுதான் எல்லா அளவுகோல்களிலும் தேறுகிறது. கொடுப்பதைத் தொடரட்டும், ஆனால் எல்லோருக்கும் தெரிந்து கொடுக்கட்டும், பின்னால் பங்கு பிரிக்கும்போது அதையும் சேர்த்துக் கணக்கிடட்டும். கணக்குப் போடும் முறை எளிது. மீதமிருக்கும் சொத்தோடு ஏற்கெனவே கொடுத்ததைச் சேர்த்துக் கூட்டி, பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வாங்கியவரின் பங்கிலிருந்து அவர் வாங்கியதைக் கழிக்க வேண்டும்.

நம் குடும்பத்தில் தாயின் செலவுக்கே போன 2 லட்சத்து 40 ஆயிரத்தை விட்டுவிட்டால், இளையவருக்கு உண்மையில் கிடைத்தது 6 லட்சத்து 60 ஆயிரம். 60 லட்சத்தோடு அதைச் சேர்த்தால் 66 லட்சத்து 60 ஆயிரம். ஒருவருக்கு 22 லட்சத்து 20 ஆயிரம். மகளும் நடு மகனும் அதை முழுமையாகப் பெறுவார்கள். இளையவர் 15 லட்சத்து 60 ஆயிரம் பெறுவார். கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் மூவருக்கும் 20 லட்சம் வீதம் போயிருக்கும். ஆகவே மகளுக்கு இதில் உண்மையாக விடுபட்டது 2 லட்சத்து 20 ஆயிரம். 9 லட்சம் என்று வங்கிப் புத்தகத்தில் பார்த்து மனம் கொதித்த தொகையில் கால் பங்கு அளவுதான் அவளைச் சேர்ந்தது. இந்தக் கணக்கைக் கோபத்தோடு பேசப்போவதற்கு முந்தின நாள் ஒரு தாளில் போட்டுப் பார்த்தால், பேசுவதா விடுவதா என்பதே சில நேரம் தானாகத் தெளிந்துவிடும்.

இதைச் சட்டம் தானாகவே செய்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் நாட்டுக்கு நாடு நேர்மாறான விதிகள் இருக்கின்றன. பிரெஞ்சுச் சட்டத்தில், வேறாகச் சொல்லப்படாவிட்டால், பிள்ளைக்கு உயிரோடிருக்கும்போது கொடுத்த கொடை பங்கின் முன்பணமாகவே கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தில் உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தைப் பிரிக்கும்போது அப்படிச் சேர்த்துக் கணக்கிடும் விதி, 1996ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நேர்ந்த இறப்புகளுக்கு எடுத்துவிடப்பட்டது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கொடுத்தவர் அப்போதே எழுதிவைத்திருந்தாலோ வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ மட்டுமே அது கணக்கில் வரும். தங்கள் குடும்பத்துக்கு எந்தச் சட்டம் பொருந்துமோ அதை அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் தாயே ஒருமுறை கேட்டுக்கொள்வதுதான் சரி.

எழுதுவது பெரிய ஆவணமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டில் தேதி, தொகை, இது உதவியா கடனா முன்பங்கா என்ற ஒரு சொல், தாயின் கையெழுத்து, வாங்கியவரின் கையெழுத்து ஆகியவை இருந்தால் குடும்பத்துக்குள் போதும். உயில் எழுதும்போது அந்த நோட்டைக் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்; உயிலின் வடிவத்தை மட்டும் வழக்கறிஞர் பார்க்கட்டும். "உதவி" என்று தாய் எழுதிய தொகையைப் பங்கில் கழிக்க வேண்டாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவும் உரிமை உண்டு. நடைமுறையில் பல பிள்ளைகள் அந்த இடத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது, மறைக்கப்படாமல் இருப்பது மட்டுமே.

தாய் இதற்கும் உடன்படவில்லை என்றால் பேச்சை அங்கே நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மகளுக்கு மீதமிருப்பது தன் பங்கில் தான் எதைச் செய்வது என்ற முடிவு: தாயின் மருத்துவச் செலவுக்கு அவள் மாதந்தோறும் அனுப்புகிறாள் என்றால், அதைத் தாயின் கையில் கொடுக்காமல் மருத்துவமனைக்கே நேரே கட்டுவது போன்ற ஏற்பாடு. அதையும் தாயிடம் முன்கூட்டியே, காரணத்தோடு, சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.